ஊதா மாட்டின் ஐந்தாவது கால்

தாளின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது அந்த மாடு. உடம்பு ஊதா, கொம்பு ஆரஞ்சு. தலை மட்டுமே உடம்பில் பாதி இருக்கும். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. ஆனால் இரண்டு கண்களும் நம் பக்கமே இருக்கின்றன. வயிற்றின் அடியில் ஒரே வரிசையில் ஐந்து கால்கள். நான்கின் நுனியில் கறுப்புக் குளம்பு. ஐந்தாவது குட்டை, அதற்குக் குளம்பும் இல்லை. வயிற்றுக்குள் பச்சை நிறத்தில் சுழித்துச் சுழித்து ஒரு கிறுக்கல். அது மாடு தின்ற புல்.

ஆறு வயதுக் குழந்தை கிரேயானில் வரைந்த இப்படியொரு படத்தைச் செல்போனில் புகைப்படம் பிடித்து, படம் உருவாக்கும் ஏஐ செயலி ஒன்றில் ஏற்றி, ‘இதை அழகான பொம்மையாக மாற்று’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது நான்கு கால் மாடுதான். தலை சிறுத்திருக்கும். கண்கள் பக்கத்துக்கொன்றாகப் பிரிந்திருக்கும். ஊதா, கொஞ்சம் சாம்பல் கலந்து ‘நாகரிகமான’ நிறமாகியிருக்கும். புல் தோலுக்கு வெளியே வந்து பச்சைப் புள்ளிகளாகியிருக்கும். பளபளப்புக்குக் குறைவே இருக்காது. கடையில் இருக்கும் எந்த மாட்டுப் பொம்மையோடும் சேர்த்து வைத்துவிடலாம். குழந்தை வரைந்த மாடு மட்டும் அதில் இருக்காது.

கோணலான அளவுகளும் நிறங்களும் அப்படியே இருக்க, மேற்பரப்பு மட்டும் மெழுகுக் கோடுகளிலிருந்து வழவழப்பான பொம்மையாக மாற வேண்டும். இன்றுள்ள கருவிகளால் இதைச் செய்ய முடியும். ஆனால் கருவி தானாக அதைச் செய்யாது. திருத்தவிடாமல் அதைத் தடுப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

முதலில், எதைத் திருத்தக் கூடாது என்று தெரிய வேண்டும். குழந்தை ஓவியங்களை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ழார்ழ்-ஆன்றி லூக்கே. தன் மகளின் படங்களைத் தொடர்ந்து சேர்த்து ஆராய்ந்து 1913-ல் ஒரு நூலும், பிறகு 1927-ல் விரிவான இன்னொரு நூலும் எழுதினார். ஒரு குறிப்பிட்ட வயதுவரை குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பது அவர் கண்டது. மாட்டுக்குக் கண் இரண்டு என்று தெரியும். ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு. புல் வயிற்றில் இருக்கிறது என்று தெரியும்; ஆகவே தோல் அதை மறைக்காது. மூன்று நான்கு வயதில் மனிதரை வரையும்போது தலையிலிருந்தே கையும் காலும் முளைப்பது உலகின் பல நாடுகளில் காணப்படும் பழக்கம். பெரிதாக வரையப்பட்டது பெரும்பாலும் குழந்தைக்கு முக்கியமாகப் பட்டது, அல்லது முதலில் வரைந்ததால் தாளில் நிறைய இடம் பிடித்துக்கொண்டது.

எனவே வேலையைத் தொடங்கும் முன் குழந்தையிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பகுதியையும் சுட்டிக்காட்டி ‘இது என்ன கண்ணு?’ என்று கேட்டுவிடுவது நல்லது. இந்த மாட்டின் ஐந்தாவது கால், கால் இல்லை, மடி என்று பதில் வரலாம். குளம்பு வரையாததற்கு அதுதான் காரணம். இது தெரியாமல் ‘ஐந்து கால்’ என்று கருவிக்குச் சொல்லியிருந்தால், மடிக்கும் குளம்பு போட்டுத் தந்திருக்கும்.

கணினி ஏஐ வருவதற்கு முன்பே மனிதர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த காமிக்ஸ் ஓவியர் டேவ் டெவ்ரீஸ், தன் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியின் கிறுக்கல்களைப் பார்த்து 1998-ல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். ‘தி மான்ஸ்டர் எஞ்ஜின்’ என்று அதற்குப் பெயர். குழந்தைகள் வரைந்த பூதங்களையும் வீரர்களையும் சதையும் தோலும் நிழலும் கொண்டு நிஜமாக நிற்பதுபோல் வண்ணத்தில் தீட்டுவார். அவர் முறையில் கவனிக்க வேண்டியது முதல் படி. தாளில் உள்ள படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் புரொஜெக்டர் வழியாக விழச்செய்து, குழந்தையின் ஒவ்வொரு கோட்டையும் அப்படியே படியெடுத்துக்கொள்வார். தன் கையால் திரும்ப வரையமாட்டார். வரைந்தால் பயிற்சி பெற்ற கை தன்னையறியாமல் கோணலை நேராக்கிவிடும். கோடு பூட்டப்பட்ட பிறகுதான் ஒளி, நிழல், தோலின் சுருக்கம் எல்லாம் வரும்.

ஸ்வீடனின் ஐக்கியா நிறுவனமும் 2015-ல் குழந்தைகளின் படங்களிலிருந்து தேர்ந்தெடுத்த பத்தைத் துணிப் பொம்மைகளாகத் தைத்து விற்றது. அவற்றிலும் வரைந்த உருவத்தின் விசித்திரம் விடப்படவில்லை.

மனிதக் கையிடம் இருக்கும் இந்தத் திருத்தும் பழக்கம் கருவியிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. இன்று படம் உருவாக்கப் பயன்படும் கருவிகளில் பல ‘டிஃப்யூஷன்’ என்ற முறையில் இயங்குகின்றன. நல்ல படமொன்றின் மீது கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைத் தூவி, கடைசியில் பழைய டிவியில் சிக்னல் போனால் தெரியுமே, அந்தப் புள்ளிக்கூட்டம் போல ஆக்கிவிடுவார்கள். புள்ளிகளை நீக்கிப் படத்தை மீட்பது எப்படி என்று கருவிக்குக் கோடிக்கணக்கான படங்களில் பயிற்சி கொடுப்பார்கள். பயிற்சி முடிந்த கருவி, புள்ளிக்கூட்டத்தைப் பார்த்தவுடன் ‘இதற்குள் என்ன இருந்திருக்கும்?’ என்று ஊகிக்கும். அது பார்த்த மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு கால். ஆகவே ஊதா நிறத்தில் மாடு மாதிரி ஏதோ தெரிந்தால், நான்கு காலை நோக்கியே அதன் ஊகம் சாயும்.

மெட்டா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். குழந்தைகள் வரைந்த மனித உருவங்களை ஆடவும் ஓடவும் வைக்கும் கருவி ஒன்றை 2021-ல் அவர்கள் இணையத்தில் வெளியிட்டார்கள். புகைப்படங்களில் மனிதரைக் கண்டுபிடிக்கப் பழகிய நிரல்களை அப்படியே இதற்குப் பயன்படுத்த முடியவில்லை. கை எது, தோள் எது என்று குறித்த ஓவியங்களைக் கொடுத்து மறுபடி பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. பெற்றோர் அனுமதித்தவற்றிலிருந்து ஏறத்தாழ 1,80,000 ஓவியங்கள் கொண்ட தொகுப்பைப் பிறகு ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டார்கள்.

சரி, தடுப்பது எப்படி? ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ போன்ற, சொந்தக் கணினியிலேயே இயக்கக்கூடிய கருவிகளில் ஒரு படத்தைக் கொடுத்து இன்னொரு படம் வாங்கும் வசதி உண்டு. அதில் முக்கியமான திருகு ஒன்று. திரையில் அதன் பெயர் Denoising strength. கொடுத்த படத்தின் மேல் எவ்வளவு புள்ளி தூவிவிட்டு மீட்கத் தொடங்குவது என்பதை அது தீர்மானிக்கும். 0 என்று வைத்தால் கொடுத்த படமே திரும்பி வரும். 1 என்று வைத்தால் கொடுத்த படத்தை அது கிட்டத்தட்ட மறந்துவிடும்.

ஊதா மாட்டை 0.3-ல் ஓட்டினால் கால்கள் இடம் மாறாது. ஆனால் கிரேயான் கிறுக்கலும் அப்படியே இருக்கும், கொஞ்சம் மங்கலாக. 0.8-ல் ஓட்டினால் அருமையான வினைல் பொம்மை வரும்; ஆனால் மடி காணாமல் போயிருக்கும். இடையில் 0.5, 0.55 என்று தேடினால் இரண்டும் அரைகுறையாக வரும். பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். சரியான எண் கிடைக்காதது அவர்கள் தவறில்லை. உருவம், மேற்பரப்பு இரண்டையும் ஒரே திருகு கட்டுப்படுத்துகிறது. மேற்பரப்பை மாற்ற நிறையப் புள்ளி வேண்டும். உருவத்தைக் காக்கக் குறைந்த புள்ளி வேண்டும். ஒரே எண்ணால் இரண்டும் நடக்காது.

இந்த முடிச்சை அவிழ்த்தது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவ்மின் ஜாங்கும் அவருடன் இருந்த இருவரும் 2023 தொடக்கத்தில் வெளியிட்ட ‘கண்ட்ரோல்நெட்’. கோடுகள் மட்டும் உள்ள இன்னொரு படத்தைத் தனியாகக் கொடுத்து, ‘நீ என்ன வரைந்தாலும் இந்தக் கோட்டின் மேல் வரை’ என்று கருவியைக் கட்டுப்படுத்த இது வழி செய்கிறது. டெவ்ரீஸ் புரொஜெக்டரை வைத்துச் செய்ததும் இதுதான். உருவத்தைக் கோட்டுப்படம் பார்த்துக்கொள்ளும். மேற்பரப்பை மாற்றத் திருகை ஏற்றலாம்.

ஆனால் கோட்டுப்படத்தில் நிறம் இல்லை. திருகை மிகவும் ஏற்றினால் உருவம் நிற்கும், ஊதா ஓடிவிடும். இங்கே டிஃப்யூஷனின் இன்னொரு குணம் கைகொடுக்கிறது. புள்ளி தூவும்போது முதலில் அழிபவை நுணுக்கமான விவரங்கள்: கிரேயானின் சொரசொரப்பு, மெல்லிய கோடுகள். பெரிய நிறப் பரப்புகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஊதாவைச் சீரான பெரிய பரப்பாகக் கொடுத்தால் பாதிக்கு மேல் புள்ளி தூவிய பிறகும் அது உள்ளே ஊதாவாகவே தெரியும். ஆகவே குழந்தையின் ஒரே படத்திலிருந்து இரண்டு படங்கள் தயாரிக்க வேண்டும். ஒன்று கோட்டுக்கு, மற்றொன்று நிறத்துக்கு.

தயாரிப்பு வேலை கணினிக்கு முன்பே ஆரம்பிக்கிறது. ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிடலாம். செல்போன்தான் என்றால் ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், தாளுக்கு நேர் மேலே போன். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் வெள்ளைத் தாளே மஞ்சளாகும், ஊதா பழுப்பாகும், அந்தப் பிழை கடைசிவரை கூடவே வரும். ஃபிளாஷும் வேண்டாம். கிரேயான் மெழுகு, அழுத்தித் தேய்த்த இடத்தில் ஃபிளாஷ் பட்டால் வெள்ளையாக மின்னும், அந்த இடத்தின் நிறமே பதிவாகாது. தாளின் மூலையில் குழந்தையின் பெயரும் பள்ளியும் எழுதியிருந்தால், இணையச் செயலியில் ஏற்றுவதற்கு முன் அதை வெட்டிவிட வேண்டும்.

அடுத்தது கோடு. விளிம்புகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் ‘கேனி’ என்ற வசதி உண்டு. கிரேயான் படத்துக்கு அது சரிப்படாது. கிரேயான் கோடு சில மில்லிமீட்டர் தடிமன். அதன் இரு ஓரங்களையும் தனித்தனி விளிம்பாக அது எடுத்துக்கொள்ளும். வால் ஒரே கோடாக இருந்தது, குழாயாகிவிடும். நிறம் தேய்த்த இடத்தில் தெரியும் ஒவ்வொரு கீறலும் விளிம்பாகும். கோடு போட்ட நோட்டுத் தாள் என்றால் நோட்டின் கோடுகளும் சேர்ந்துகொள்ளும். மாட்டுக்கு வரிக்குதிரை போலப் பட்டைகள் விழும். எனவே கிரிட்டா, ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, மேலே புதிய லேயர் ஒன்று வைத்து, கையாலேயே படியெடுப்பது நல்லது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு. கண்ட்ரோல்நெட்டின் ‘ஸ்கிரிபிள்’ வகை எதிர்பார்ப்பது அதைத்தான். இங்கே பெரியவரின் கை அவசரப்படக் கூடாது. கொம்பில் ஒன்று நீளம், மற்றது வளைவு என்றால் அப்படியே போக வேண்டும். கால் உடம்போடு சேராமல் சிறு இடைவெளி விட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம். சேர்த்தால் பொம்மை முழுமையாக வரும். விட்டால் கால் தனியாக மிதக்கும். சேர்ப்பதே மேல், ஏனென்றால் குழந்தை நினைத்ததும் ஒட்டிய கால்தான்.

மூன்றாவது, நிறப் படம். கோட்டுக்குள் ஒவ்வொரு பகுதியையும் ஒரே சீரான நிறத்தால் நிரப்ப வேண்டும். நிறத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காமல், மென்பொருளின் நிறம் எடுக்கும் கருவியால் குழந்தையின் படத்திலிருந்தே எடுக்க வேண்டும். கிரேயான் பரப்பில் மெழுகுக்கு நடுவே தாளின் வெள்ளை எட்டிப்பார்ப்பதால், ஒரு புள்ளியில் எடுத்தால் வெளிர் ஊதா வரும், பக்கத்துப் புள்ளியில் அடர் ஊதா வரும். அழுத்தித் தேய்த்த இடத்தில், கொஞ்சம் பெரிய வட்டத்தின் சராசரியாக எடுத்தால், குழந்தை கையில் பிடித்திருந்த கிரேயானின் நிறத்துக்கு நெருங்கிவிடலாம்.

இனி சொற்கள். இதில்தான் நல்லெண்ணத்தோடு பிழை செய்வோர் அதிகம். ‘அழகான ஊதா மாடு, ஆரஞ்சுக் கொம்பு, ஐந்து கால்’ என்று எழுதத் தோன்றும். ‘மாடு’ என்ற சொல்லே நான்கு காலையும் சின்னத் தலையையும் இழுத்துவரும். நிறங்களைச் சொல்லால் சொன்னால் அவை இடம் மாறி ஒட்டும். ஆரஞ்சு குளம்புக்குப் போய்விடும். எண்ணிக்கையில் இந்தக் கருவிகள் பலவீனமானவை. ‘கால் கூடக் கூடாது’ என்று எழுதினால், ‘கூடாது’ என்பதைவிட ‘கால்’ என்பதுதான் அதற்குப் பலமாகக் கேட்கும். உருவத்தைக் கோட்டுப்படமும் நிறத்தை நிறப் படமும் சொல்லிவிட்டன. சொற்களுக்கு மிச்சமிருப்பது பொருளும் ஒளியும் மட்டுமே:

```
matte vinyl toy, smooth rounded edges,
soft white studio light, plain light grey background
```

மாடு என்ற பெயரே இதில் இல்லை. கோடும் நிறமும் தெளிவாக இருந்தால் தேவையும் இல்லை.

இப்போது திருகு 0.65-க்குப் பக்கத்தில், கண்ட்ரோல்நெட்டின் பிடி முழு அளவான 1-ல். இவை தொடங்குவதற்கான எண்கள்தான். ஒவ்வொரு மாடலுக்கும் கொஞ்சம் முன்பின் போகும். புள்ளிக்கூட்டத்தின் தொடக்க எண்ணை, அதாவது ‘சீடு’ என்பதை, ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகை மட்டும் நகர்த்திப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்றே தெரியாது. பரப்பில் இன்னும் தட்டையான வண்ணப்பூச்சு போலத் தெரிந்தால் 0.7, 0.75 என்று ஏற்றலாம். ஊதா மங்கத் தொடங்கினால் இறக்க வேண்டும். சொல்லுக்கு எவ்வளவு கட்டுப்படுவது என்று தீர்மானிக்கும் இன்னொரு திருகும் உண்டு; வழக்கமாக 7 அளவில் இருக்கும். அதை மிக ஏற்றினால் நிறங்கள் கருகியது போல அடர்ந்துவிடும்.

ஒரு உருவத்தைப் பொம்மை என்று நம் கண் நம்புவதற்குச் சில தடயங்கள் போதும். எந்த விளிம்பும் கத்தி போல இருக்காது, சற்றே மழுங்கியிருக்கும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து பரவலாக விழுந்து, மேடான இடத்தில் மிருதுவான ஒரு மினுக்கத்தை விடும். மெல்லிய இடங்களில், உதாரணமாகக் காதின் ஓரத்தில், ஒளி பொருளுக்குள் கொஞ்சம் ஊடுருவி வெளியே கசியும். ரப்பரும் மெழுகும் அப்படித்தான் தெரியும். கால் தரையைத் தொடும் இடத்தில் சிறிய கருநிழல் இருக்கும். அது இல்லாவிட்டால் பொம்மை அந்தரத்தில் தொங்கும். பின்னணி மங்கியிருந்தால், மிக அருகில் வைத்து எடுத்த சின்னப் பொருள் என்று கண் முடிவு செய்யும். இவை எதற்கும் உருவத்தின் அளவுகளைத் தொட வேண்டியதே இல்லை. தலை பெருத்த மாடும் இதே தடயங்களோடு பொம்மையாக நிற்கும்.

ஒளி வெள்ளையாக இருப்பது முக்கியம். ‘மாலை வெயில்’, ‘சூடான வெளிச்சம்’ என்று கேட்டால் படம் அழகாக வரும். ஊதா மட்டும் செம்மண் நிறத்துக்கு நகரும். பின்னணியைச் சாம்பலாகக் கேட்பதும் இதனால்தான். பச்சைப் புல்வெளியில் நிற்கவைத்தால் மாட்டின் வயிற்றில் பச்சை பிரதிபலிக்கும்.

அப்படியும் நிறம் சற்று விலகியிருக்கும். அதற்கு எளிய வழி உண்டு. தயாரித்து வைத்த நிறப் படத்தை, வந்த படத்தின் மேல் லேயராக வைத்து, அதன் கலப்பு முறையை Color என்று மாற்றினால், வெளிச்சமும் நிழலும் கீழே உள்ள பொம்மையிலிருந்து வரும், நிறம் மட்டும் குழந்தையின் படத்திலிருந்து வரும். முழு அளவில் வைத்தால் மினுக்கத்தின் ஓரங்களிலும் ஊதா ஏறிவிடும், பிளாஸ்டிக்கின் பளபளப்பு குறைந்துவிடும். பாதியளவு ஒளிபுகவிட்டு, மினுக்கம் உள்ள இடங்களில் அந்த லேயரை அழித்துவிட்டால் போதும். மஞ்சளில் மட்டும் இது ஏமாற்றும். நிழலில் விழும் மஞ்சள் இந்த முறையில் பாசி நிறமாகத் தெரியும். அந்தப் பகுதியைக் கையால் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டியிருக்கும்.

வயிற்றுப் புல்லுக்கு வருவோம். இத்தனைக்குப் பிறகும் அது தோலில் பூசிய பச்சையாகத்தான் வந்திருக்கும், ஏனென்றால் உள்ளே, வெளியே என்ற பேதத்தைக் கோடு சொல்லாது. இங்கே செய்பவர் ஒரு முடிவெடுக்க வேண்டும். லூக்கே விவரித்த அந்த ‘உள்ளே தெரியும்’ ஓவியத்தைக் கனமான பொம்மையில் காட்ட நேர்மையான வழி, வயிற்றின் அந்தப் பகுதியைக் கண்ணாடி போன்ற ஊதாப் பிசினாக ஆக்குவது. வயிற்றை மட்டும் முகமூடியிட்டுக் குறித்து, மற்ற இடம் எதையும் தொடாமல் அந்த இடத்தை மட்டும் மறுபடி உருவாக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அதில், ஒளி ஊடுருவும் ஊதாப் பிசின், உள்ளே பச்சைப் புல் சுருள் என்று சொன்னால், நாலைந்து முறையில் ஏதாவதொன்று பொருந்தி வரும். முகமூடியின் ஓரம் மிருதுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் ஜன்னல் வெட்டி ஒட்டியதுபோல விளிம்பு தெரியும். இந்தப் புல்லை ஒட்டுவேலை என்று விட்டுவிடச் சொல்வோர் உண்டு. அதை விட்டால் அந்தப் படத்தில் குழந்தை சொன்ன கதையே போய்விடும்.

முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அசலைப் பாதி ஒளிபுக வைத்து முடிவின் மேல் போட்டுப் பார்த்தால் விலகல் உடனே தெரியும். தலையின் மேல்கோடு, கொம்பின் நுனிகள், கால்களின் நடுவிலுள்ள இடைவெளிகள் ஆகியவைதான் முதலில் நழுவும். இடைவெளிகளைப் பார்ப்பது பலருக்குத் தோன்றாது. கால்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும், சமமற்ற இடைவெளிகள் சமமாகிவிட்டால் உருவம் அடங்கிப்போன மாதிரி ஆகிவிடும். பிறகு உறுப்புகளை விரல் வைத்து எண்ண வேண்டும். நிறத்தைச் சோதிக்கும்போது மினுக்கத்திலும் நிழலிலும் எடுக்காமல், நடுத்தர வெளிச்சம் விழும் இடத்தில் எடுத்து அசலோடு ஒப்பிட வேண்டும்.

இவ்வளவும் திருகுகள் உள்ள கருவிக்குப் பொருந்தும். 2025-ல் பரவலான புதிய வகைக் கருவிகளில், சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில், படத்தைக் காட்டிப் பேச்சுமொழியில் சொன்னாலே வேலை நடக்கிறது. கொடுத்த படத்தைப் புரிந்துகொள்வதில் அவை பழையவற்றைவிட வெகுவாக முன்னேறியவை. வீட்டில் பலர் பயன்படுத்துவதும் இவற்றைத்தான். ஆனால் அவற்றில் கோட்டைப் பூட்டும் திருகு கிடையாது. முழுப் படத்தையும் அவை புதிதாக உருவாக்குகின்றன. அங்கே சொற்களின் பங்கு தலைகீழாகிறது. ‘அளவுகளை மாற்றாதே’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எது அளவு என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். ‘தலை உடம்பில் பாதி. இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக. குளம்புள்ள நான்கு கால்கள் ஒரே வரிசையில், சமமற்ற இடைவெளியில். அவற்றுக்கு வலப்பக்கம் குளம்பில்லாத குட்டை மடி. இடக்கொம்பு நீளம்’ என்று கோணல் ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை தங்கும். ஒன்றைத் திருத்தச் சொன்னால் வேறொன்று நகர்வதும் உண்டு. மூன்றாவது திருத்தத்துக்குள் கண் பழைய இடத்தைவிட்டுப் போயிருக்கலாம். திருத்தியதையே மறுபடி திருத்தாமல், குழந்தையின் அசலிலிருந்து முழு விவரத்தோடு புதிதாகத் தொடங்குவதே இதில் பலன் தரும்.

இந்த முறை எதுவானாலும் கிடைப்பது ஒரு பக்கத்துப் படம்தான். அந்த மாட்டுக்கு மறுபக்கம் என்று ஒன்று இன்னும் இல்லை. ஒற்றைப் படத்திலிருந்து முப்பரிமாண உருவம் செய்யும் கருவிகளிடம் கொடுத்தால், பின்பக்கத்தை அவை ஊகித்துக்கொள்ளும். பெரும்பாலும் அங்கேயும் கண்களை வைத்து நான்கு கண் மாடாக்கும், அல்லது வெறும் ஊதாப் பரப்பாக விடும். முப்பரிமாண அச்சில் எடுக்க நினைப்பவர்கள் இதையும் குழந்தையிடமே கேட்டு, மறுபக்கத்தை இன்னொரு தாளில் வரையச் சொல்வது நல்லது. நிற்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரே வரிசையில் உள்ள கால்களின் மேல், அவ்வளவு பெரிய தலையோடு, எந்தப் பொம்மையும் நிற்காது, பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சில கால்களை முன்னும் சிலவற்றைப் பின்னுமாக நகர்த்தினால் நிற்கும், ஆனால் அது வேறு மாடு. அடியில் தட்டையான பீடம் ஒன்றைச் சேர்த்து, மாட்டை அதன் மேல் குழந்தை வரைந்தபடியே ஒட்டிவிடலாம்.